பனியன் துணிக்கு எந்த ஊசி?

வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஜீன்ஸ் தைத்த 16-ஆம் நம்பர் ஊசியை மாற்றாமல், அதிலேயே டி-ஷர்ட்டின் கீழ்மடிப்பையும் தைத்தால், சில துவைப்பில் தையலோரம் பொத்தல் விழும். பனியன் துணி நெய்தது அல்ல. நூலை வளையம் வளையமாகப் பின்னியது. கூர் ஊசி ஒரு வளையத்தை அறுத்தால், அங்கிருந்து பிரிந்துகொண்டே போகும்.

அதற்கு 11-ஆம் நம்பர் பால்பாயிண்ட் ஊசி போடுங்கள். அதன் உருண்ட முனை வளையங்களை விலக்கிக்கொண்டு இறங்கும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் துணியோடு இழுபடாமல் அறுந்துவிடும். நேர்த்தையலுக்குப் பதில் குறுகலான ஜிக்ஜாக் வையுங்கள்.

முதலில் துண்டுத் துணியில் தைத்து, இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தால் ஜிக்ஜாக்கைச் சற்று அகலமாக்குங்கள். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். பட்டுக்கு மட்டும் இந்த ஊசி வேண்டாம். 9-ஆம் நம்பர் மெல்லிய கூர் ஊசிதான் சரி.