வெள்ளிமலையிலிருந்து ஒரு தானியங்கிப் பதில்

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் நாலு அறை வாடகைக்கு விடுபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வளைவுக்கு வளைவு சிக்னல் போய்விடும். மெயில் பார்ப்பதோ இரவில்தான்.

அவர் ஜிமெயில் செட்டிங்ஸில் Vacation responder-ஐ இயக்கி இப்படி எழுதலாம்:

"உங்கள் மெயில் வந்தது. தினமும் இரவு 8 மணிக்குப் பார்த்து, மறுநாள் காலை 10 மணிக்குள் பதில் தருவோம். இந்தப் பதிலால் அறை உறுதியாகிவிடாது. இன்றே வருபவர்கள், வழியில் வண்டி நின்றவர்கள் இந்த எண்ணை அழையுங்கள்: ……. எடுக்காவிட்டால் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். விபத்து என்றால் எங்களுக்காகக் காத்திராமல் 108."

எஸ்.எம்.எஸ். ஏன்? இன்டர்நெட் இல்லாத இடத்திலும் அது வந்து சேரும், வாட்ஸ்அப் சேராது. மலைக்குக் கீழே, கள்ளக்குறிச்சியில் இருக்கும் உறவினர் எண்ணையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

"உடனே பதில் தருவோம்" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நம்பி மலையேறியவர் பூட்டிய கதவின் முன்னால் நிற்பார்!

இன்னொன்று. ஒரே ஆளுக்கு இந்தப் பதில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் போகும். திங்கட்கிழமை விசாரித்தவர் புதன்கிழமை "கிளம்பிவிட்டோம்" என்று எழுதினால் எதுவும் போகாது. அதனால் அவசர எண் முதல் பதிலிலேயே இருக்கட்டும்.