வங்கியின் கண்ணாடிக் கதவு

2020 ஜூனில் கேரளத்தின் பெரும்பாவூரில், வங்கியிலிருந்து வேகமாக வெளியே வந்த ஒரு பெண் கண்ணாடிக் கதவில் மோதினார். கதவு உடைந்து, ஒரு துண்டு வயிற்றில் குத்தியது. அவர் பிழைக்கவில்லை. நினைத்தாலே மனம் பதறுகிறது.

சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போல நீள நீளமாகத் துண்டாகும். சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்த டஃபன்டு கண்ணாடியோ கற்கண்டு போலப் பொடிப்பொடியாக உதிரும். கீறல் விழலாம், ஆழமாகக் குத்துவது அரிது. அதன் மூலையில் பெரும்பாலும் அழியாத சிறு முத்திரை இருக்கும். கதவில் கண் மட்டத்தில் பட்டை ஒட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் கதவு இருப்பதே தெரியாது.

உங்களுக்கு இப்படிக் காயம் பட்டால், முதலில் மருத்துவமனை. குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்காதீர்கள், ரத்தம் பீறிடும். முடிந்தால் உடைந்த துண்டுகளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்த வகைக் கண்ணாடி என்று அவையே காட்டிவிடும்.

பிறகு கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தேதி, நேரம், எந்தக் கதவு, என்ன காயம் எல்லாம் இருக்கட்டும். சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடக்கூடும். அதைப் பத்திரப்படுத்தும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.