கரிசல் மண் கேட்ட நான்காவது கேள்வி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நேற்று மாலை சிவில் மாணவர்களின் வினாடி வினாவில் கேள்வி கேட்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில் இரண்டு பக்கமும் பார்க்கிறோமே, பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல், அந்த மாதிரி ஒரு மண்ணை வைத்தே எல்லாக் கேள்வியையும் அமைத்தேன். எண்கள் நானே வைத்துக்கொண்டவை.

முதல் கேள்வி: லிக்விட் லிமிட் 62, பிளாஸ்டிக் லிமிட் 27. இது என்ன மண்? இரண்டையும் கழித்தால் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் 35. ஏ-லைனின் சமன்பாடு PI = 0.73(LL − 20). இதில் 62 போட்டால் 30.7 வருகிறது. நம் மண்ணின் 35 அதற்கு மேலே இருப்பதால் களிமண். லிக்விட் லிமிட் 50-ஐத் தாண்டியதால் ஐ.எஸ். 1498-ன்படி CH. எல்லா அணியும் சரியாகச் சொன்னார்கள்.

இரண்டாவது கேள்வி: இதே மண்ணின் அன்கன்ஃபைன்டு கம்ப்ரஷன் வலிமை ஒரு சதுர மீட்டருக்கு 120 கிலோ நியூட்டன். சதுர ஃபுட்டிங் போட்டால் எவ்வளவு தாங்கும்? இங்கேதான் ஒரு அணி வழுக்கியது. 120-ஐ அப்படியே கொஹிஷன் என்று எடுத்துக்கொண்டார்கள். கொஹிஷன் அதில் பாதி, அதாவது 60. ஆழத்தின் பங்கை விட்டுவிட்டால் 5.14 × 1.3 × 60 = 401. பாதுகாப்புக்கு 3-ஆல் வகுத்தால் சுமார் 134, ஏறக்குறைய 13 டன். பாதியாக்க மறந்தால் 27 டன் வந்துவிடும். தாளில் போவது ஒரு மார்க்; சைட்டில் என்ன போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி கன்சாலிடேஷன். லேபில் 20 மில்லிமீட்டர் கனமுள்ள மாதிரி, மேலும் கீழும் தண்ணீர் வடிகிறது. பாதி அமுங்க 10 நிமிடம் ஆனது. ஃபுட்டிங்குக்குக் கீழே அதே களிமண், தண்ணீர் நிறைந்த நிலையில், 2 மீட்டர். பாதி அமுங்க எத்தனை நாள்? ஒரு அணி உடனே 69 நாள் என்றது. "கீழே என்ன இருக்கிறது?" என்று நான் திருப்பிக் கேட்டேன். வெடிப்புள்ள சுண்ணாம்புப் பாறை என்றால் தண்ணீர் கீழேயும் வடியும். வடிகிற தூரம் 1 மீட்டர், லேபில் இருந்த 10 மில்லிமீட்டரைப் போல 100 மடங்கு. நேரம் தூரத்தின் வர்க்கத்தில் போவதால் 10,000 மடங்கு, 69 நாள் சரி. கீழே இறுகிய களிப்பாறை என்றால் மேல் பக்கம் மட்டுமே வழி. தூரம் 2 மீட்டர், நேரம் நாலு மடங்கு, 278 நாள். நம் பக்கம் கிரிடேசியஸ் காலத்துக் கடல் படிவு. சுண்ணாம்பும் களியும் அடுக்கடுக்காக இருப்பதால் துளை போட்டுப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நான்காவது கேள்விக்குத்தான் மேடையே அமைதியானது. "இந்த மண்ணில் ஒரு மாடி இல்லாத வீடு. சதுர மீட்டருக்கு 5 டன்தான் வருகிறது. சுவர் வெடிக்குமா?" தாங்குவது 13, வருவது 5, வெடிக்காது என்றார்கள். வெடிக்கும் ஐயா. மண் தாங்காமல் அல்ல. வீடு லேசாக இருப்பதால்! மழையில் கரிசல் வீங்கும்போது அதை அமுக்கிப் பிடிக்க அந்த எடை போதாது. வீட்டின் ஓரத்து மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். நடுவில் தரைக்குக் கீழே ஈரம் அவ்வளவாக மாறாது. இந்த வித்தியாசம்தான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசலாகக் கிளம்புகிறது.

அமுங்குவதால் வந்த விரிசலா, வீங்குவதால் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விரிசலின் குறுக்கே பென்சிலால் இரண்டு குறி போட்டு, ஒரு வருஷம் அளந்து பாருங்கள். அமுங்கல் விரிசல் ஒரே திசையில் வளர்ந்து மெல்ல நிற்கும். கரிசல் விரிசல் பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும்.

கட்டுவதற்கு முன்னே தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் 10 கிராம் ஒரு ஜாடியில் தண்ணீரோடு, இன்னொரு 10 கிராம் மண்ணெண்ணெயோடு. 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் களி வீங்காது. அதில் 10 மில்லிலிட்டர், தண்ணீரில் 19 என்றால் ஃப்ரீ ஸ்வெல் 90 சதம். 50-ஐத் தாண்டினாலே சாதாரண கடைக்கால் வேண்டாம். ஈரம் மாறாத ஆழத்துக்கு அண்டர்-ரீம்டு பைல் இறக்கி, மேலே பீம் போட்டு, பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியை மேஸ்திரி மண் போட்டு மூடிவிடாமல் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடினால் வீங்கும் மண் பீமைத் தூக்கிவிடும், பைல் போட்ட காசு வீண்.

தம்பிகளே, நேற்று யாருக்கும் நான்காவது கேள்விக்கு மார்க் இல்லை. நான் படித்த நாளில் என்னைக் கேட்டிருந்தாலும் எனக்கும் இல்லைதான்.