"எங்களிடம் மைதானம் இல்லை": ஒரு அட்மிஷன் வீடியோவின் ஸ்கிரிப்ட்

டிசம்பர் வந்தாலே நம்ம போன்ல ஒரு வகை வீடியோ வர ஆரம்பிச்சிடும். ட்ரோன்ல ஒரு கட்டடம், வெள்ளைக் கோட்டு போட்டு சோதனைக் குழாயைப் பார்க்கிற பசங்க, பின்னணியில "உலகத்தரமான கல்வி"ன்னு ஒரு கணீர்க் குரல். பேரை மறைச்சுட்டா எந்த ஸ்கூல்னே தெரியாது. நான் இந்த மாதிரி வீடியோக்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுறவன். ஊதிப் பெருக்காம எழுதின ஒரு ஸ்கிரிப்ட் எப்படி உருவாச்சுன்னு இன்னைக்குச் சொல்றேன்.

சென்னைப் புறநகர்ல ஒரு சின்ன சி.பி.எஸ்.இ. ஸ்கூல். எல்.கே.ஜி.யிலிருந்து பத்தாவது வரை, வகுப்புக்கு ஒரே பிரிவு. மொத்தம் 420 பசங்க, 18 டீச்சர்கள். தாளாளர் அம்மா ஒரு தாள்ல நாலு வரி எழுதிக் கொடுத்தாங்க: அனுபவம் மிக்க ஆசிரியர்கள், நவீன கம்ப்யூட்டர் லேப், பரந்த மைதானம், 100 சதவீதத் தேர்ச்சி.

ஸ்கிரிப்ட்ல வழக்கமா ரெண்டு பத்தி இருக்கும். இடது பக்கம் திரையில என்ன தெரியும், வலது பக்கம் காதுல என்ன கேட்கும். நான் மூணாவதா ஒரு பத்தி போடுவேன். அதுக்குப் பேரு 'ஆதாரம்'. இந்த வரியை எந்தப் பதிவேடு நிரூபிக்கும், இல்லைன்னா எந்த ஷாட் நிரூபிக்கும்னு அதுல எழுதணும். அந்தக் கட்டம் காலியா இருந்தா, வரியை எடுத்துடணும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகள் தங்களோட இணையதளத்துல சில விவரங்களைக் கட்டாயம் வெளியிடணும்: அங்கீகார எண், டீச்சர்கள் எண்ணிக்கை, மூணு வருஷ ரிசல்ட் இதெல்லாம். நான் முதல்ல திறக்கிறது அந்தப் பக்கத்தைத்தான். வீடியோ ஒண்ணு சொல்லி, ஸ்கூலோட சொந்தப் பக்கம் வேற ஒண்ணு சொன்னா, அஞ்சு நிமிஷத்துல ஒரு அப்பா கண்டுபிடிச்சிடுவார்.

முதல்ல 100 சதவீதம். பத்து பேர் எழுதினாலும் 100 சதவீதம், இருநூறு பேர் எழுதினாலும் 100 சதவீதம். அதனால எத்தனை பேர் எழுதினாங்கன்னு கேட்டேன். 24. அடுத்த கேள்வி, அதே பசங்க ஒன்பதாவதுல எத்தனை பேர் இருந்தாங்க? ரிசல்ட் கெட்டுடக் கூடாதுன்னு சுமாராப் படிக்கிற பசங்களை ஒன்பதாவதுலேயே டி.சி. கொடுத்து அனுப்புற பழக்கம் சில இடங்கள்ல உண்டு. இங்கே 27 பேர் இருந்திருக்காங்க. மூணு பேர் போயிருக்காங்க. ரெண்டு பேரோட அப்பாவுக்கு வேலை மாற்றம், ஒரு குடும்பத்துக்கு ஃபீஸ் கட்ட முடியலை. யாரையும் ஸ்கூல் அனுப்பலை. அப்புறம்தான் இந்த வரி வந்தது: "கடந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வை 24 பேர் எழுதினார்கள். 24 பேரும் தேர்ச்சி பெற்றார்கள்." சதவீதமே தேவைப்படலை.

இன்னொரு எண்ணும் வந்தது. 420-ஐ 18-ஆல வகுத்து, "23 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர்"னு போடலாமேன்னாங்க. கணக்கு சரிதான். ஆனா பாட்டு மிஸ், பி.டி. சார் எல்லாரையும் சேர்த்த கணக்கு அது. ஒரு அம்மா தெரிஞ்சுக்க விரும்புறது, தன் குழந்தை உட்காரப்போற அறையில எத்தனை பேர்னுதான். ஒண்ணாவதுல 38 பேர். அதையே எழுதினோம். ஒரு பிரிவுக்கு 40 பேர் இருக்கிறது உகந்ததுன்னு சி.பி.எஸ்.இ. சொல்லுது. அதுக்குள்ளதான் இருக்காங்க, மறைக்க ஒண்ணுமில்லை.

அடுத்து லேப். 20 கம்ப்யூட்டர் இருக்கு, ஓடுது. இருக்குன்னு காட்டுறது மட்டும் போதாது. உண்மையான ஷாட்டை வெச்சே ஏமாத்தலாம். வருஷம் பூரா பூட்டிக் கிடக்கிற லேபை ஷூட்டிங் அன்னைக்குத் திறந்து காட்டினா, ஒவ்வொரு ஃப்ரேமும் நிஜம், மொத்தமாப் பார்த்தா பொய். அதனால கால அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். ஆறாவதுக்கு வாரம் ரெண்டு பீரியட், ரெண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். வீடியோலயும் ரெண்டு பேர் ஒரே திரையைப் பார்க்கிறதைத்தான் எடுத்தோம். லென்ஸும் முக்கியம். மூலையில வைடு லென்ஸை வெச்சா சின்ன அறைகூட கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். நாங்க கேமராவைக் கடைசி பெஞ்சில, பையனோட கண் உயரத்துல வெச்சோம்.

இப்போ டீச்சர்கள். "அனுபவம் மிக்க"ங்கிறதை எடுத்துட்டு பதிவேட்டைப் பார்த்தோம். 18 பேர்ல 11 பேர் அஞ்சு வருஷத்துக்கு மேல இங்கேயே இருக்காங்க. டீச்சர்கள் நிலைக்கிறது ஒரு ஸ்கூலைப் பத்தி நிறைய சொல்லும். அதை அப்படியே எழுதினோம்.

ஆனா நல்லா சொல்லிக்கொடுப்பாங்களான்னு எந்தப் பதிவேடும் சொல்லாது. அதுக்கு வகுப்பைத்தான் காட்டணும். ஆறாவது கணக்கு மிஸ்ஸோட 40 நிமிஷ வகுப்பை ஒத்திகை இல்லாம முழுசா எடுத்தோம். ஒரு பொண்ணு 1/2 + 1/3 = 2/5-னு போர்டுல எழுதினா. மிஸ் 'தப்பு'ன்னு சொல்லலை. ஒரு காகிதப் பட்டையைப் பாதியா மடிச்சு, "இது அரை. இதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையை விடக் குறையுமாம்மா?"ன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு ரெண்டு செகண்ட் யோசிச்சுட்டு தானே அழிச்சா. அந்த 25 செகண்டுக்குப் பின்னணிக் குரலே வைக்கலை. முகம் தெரியிற எல்லாப் பசங்களோட பெற்றோர்கிட்டயும் முன்னாடியே எழுத்துல சம்மதம் வாங்கியிருந்தோம். அந்தப் பொண்ணோட வீட்டுக்கு மட்டும் காட்சியைப் போட்டுக் காட்டி மறுபடியும் கேட்டோம், ஏன்னா தப்பு பண்ற காட்சி அது.

இன்னொண்ணு, ஷூட்டுக்கு முன்னாடி டீச்சர்கிட்ட தனியா கேட்கணும்: "அடுத்த ஜூன்ல இங்கே இருப்பீங்களா மிஸ்?" அவங்களைப் பார்த்துச் சேர்த்த பெற்றோர், ஜூன்ல வேற முகத்தைப் பார்க்கக் கூடாது. ஒருத்தங்க இன்னும் முடிவு பண்ணலைன்னாங்க. அவங்களை எடுக்கலை.

கடைசியா மைதானம். 'பரந்த'ன்னு சொன்னது, பிரேயர் நடக்கிற சிமென்ட் முற்றம். அதை ட்ரோன்ல எடுத்தா பக்கத்துக் காலி மனையும் சேர்ந்து தெரியும். அதுதான் இந்தத் தொழிலோட பழைய வித்தை. நான் எழுதின வரி: "எங்களிடம் சொந்த மைதானம் இல்லை. ஆறாம் வகுப்பு முதல், புதன்கிழமை மாலை, பத்து நிமிட நடையில் உள்ள வாடகை மைதானத்துக்கு ஆசிரியர்களே அழைத்துச் செல்கிறார்கள்." திரையில பசங்க வரிசையா நடந்து போறாங்க. ஆதாரக் கட்டத்துல வாடகை ஒப்பந்தம்.

தாளாளர் அம்மா ரொம்ப நேரம் பேசலை. "எதிர்த் தெரு ஸ்கூல்ல நீச்சல் குளம் இருக்கு தம்பி. நானே இல்லைன்னு சொல்லணுமா? இந்த வருஷம் எல்.கே.ஜி.ல 30 பேராவது சேரலைன்னா சம்பளம் போடவே கஷ்டம்"னாங்க. நியாயமான பயம். நான் சொன்னது இதுதான்: மைதானம் இல்லைங்கிறது அட்மிஷன் கேட்டு வந்து நின்னதும் தெரியப்போகுது. அப்போ லேப், ரிசல்ட் எல்லாத்தையும் சேர்த்துச் சந்தேகப்படுவாங்க. மறுநாள் காலையில சம்மதிச்சாங்க. ஒரே ஒரு மாற்றம் கேட்டாங்க, அந்த வரி முதல்ல வரக் கூடாது, வகுப்புக் காட்சிக்கு அப்புறம் வரட்டும்னு. அதுல தப்பில்லை, வெச்சோம்.

அந்த வருஷம் எல்.கே.ஜி.ல 33 பேர் சேர்ந்தாங்க. அதுக்கு வீடியோதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது, அந்த வரிக்கு ஆதாரக் கட்டம் காலி. ஆனா ஆபீஸ்ல இருக்கிற அக்கா சொன்னாங்க, வர்றவங்க "மைதானம் எங்கே?"ன்னு கேட்கிறதில்லையாம். "நடந்து போகும்போது ரோட்டை யார் கடக்க வைப்பாங்க?"ன்னு கேட்கிறாங்களாம்.

உங்க அக்கா பையனுக்கோ அண்ணன் பொண்ணுக்கோ ஸ்கூல் தேடுறீங்கன்னா, வர்ற வீடியோவுல ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல அந்த மூணாவது கட்டத்தை நீங்களே போட்டுப் பாருங்க. எது காலியா இருக்கோ, அதை நேர்ல போய்க் கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.