பணம் பெருகிற்று, மீன் பெருகிற்றா?

(மாம்புரியில் ஆற்றிய உரை)



நாட்டிலுள்ள பணம் இரட்டித்தால் செல்வமும் இரட்டிக்குமா? இரட்டிக்காது. காலப்போக்கில் மீன்விலை, கூலி, எண்ணெய்விலை யாவும் இரட்டிக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஈடான எண்ணெய் பழைய அளவே. நெடுங்காலத்தில் பணம் நடுநிலையானது எனப் பொருளியலார் கூறுவது இதனையே.

ஆயின் விலைகள் யாவும் ஒருங்கே எழுவதில்லை. 2020 முதல் மத்திய வங்கி புதிய ரூபாய்களைப் படைத்து அரசுக்குப் பெருமளவில் கடன் தந்தது. வட்டி குறைந்தது, 2021இல் தொழிலும் சற்றே மீண்டது. டொலரின் விலையையோ 200 ரூபாய் அளவில் கட்டிவைத்தனர். மலிவாக வைத்த டொலர் கரைந்தது. எண்ணெய் வாங்க வழியில்லை. உலகச் சந்தையின் விலையேற்றமும் சேர்ந்துகொண்டது. 2022 மார்ச்சில் கட்டு அவிழ்ந்து ரூபாய் சரிந்தது. அப்போதும் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலேயே நின்றது. விலை ஏறாத இடத்தில் வரிசை நீண்டது. படகுகள் கரையில் கிடந்தன. ஆகஸ்டில் அவ்விலை ஒரே நாளில் 340 ஆயிற்று. கூலி அவ்வாறு தாவவில்லை.

கூலியும் விலையும் என்றேனும் சமனாகலாம். இடைக்காலத்தில் விற்றுண்ட வலையும் இயந்திரமும் தாமாகத் திரும்பா. அரசுக்கு மத்திய வங்கி நேரே கடன் தருவதை 2023ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது. அத்தடை தளராது காப்பது நம் கடன்!