கோப்பியும் சிகரெட்டும்

கோப்பி குடித்தால் ஆயுள் கூடும் என்கிற பத்திரிகைச் செய்தியைப் படமெடுத்து அனுப்பி, "நம்பலாமோ?" என்று கேட்டிருக்கிறார் வேலணை நேயர் ஒருவர்.

இதுபற்றிய ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேரை 1995 முதல் 2008 வரை கவனித்தார்கள். 2012இல் முடிவு வந்தது. வயதை மட்டும் கணக்கில் எடுத்தபோது, கோப்பி குடிப்பவர்களிடையே இறப்பு அதிகம்! காரணம், அவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் கூட. சிகரெட் ஆயுளைக் குறைக்கும் என்பதைப் புகையிலை விளையும் நம் மண்ணில் சொல்லி விளக்கத் தேவையில்லை. புகைப்பவரைப் புகைப்பவரோடும், புகைக்காதவரைப் புகைக்காதவரோடும் ஒப்பிட்டு, மற்றப் பழக்கங்களையும் கணக்கில் சேர்த்ததும் முடிவு தலைகீழானது. கோப்பி குடித்தவர்களிடம் இறப்பு சற்றுக் குறைவாக இருந்தது.

இப்படிக் கோப்பியோடும் ஒட்டி, உயிரையும் தொடும் மூன்றாவது காரணியே குழப்பும் காரணி. கேட்டு எழுதியதைத்தான் கணக்கில் நீக்கலாம். சுகவீனத்தால் கோப்பியை நிறுத்தியது போன்ற கேட்காத விஷயங்கள் உள்ளேயே கிடக்கும்.

கோப்பி யாருக்கு என்பதைத் திருவுளச்சீட்டுத் தீர்மானித்தால்? புகைப்பவர், நோயாளி, வசதியுள்ளவர் எல்லோரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுவார்கள், நாம் கேட்க மறந்தவையும் சேர்த்து.

2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 100 பேருக்கு 14 நாட்கள், இன்று கோப்பி குடி, இன்று குடியாதே என்று எழுமாறாகக் குறுஞ்செய்தி போனது. கோப்பி நாளில் நடை ஏறத்தாழ ஆயிரம் காலடி கூடியது. தூக்கம் அரைமணி நேரத்துக்கு மேல் குறைந்தது. இது கோப்பியின் வேலைதான். ஆனால் ஆயுளை அளக்க 14 நாட்கள் போதாது.

ஆகவே நேயரே, விருப்பமென்றால் கோப்பி குடியுங்கள். ஆயுள் கூடும் என்று அந்தச் செய்தியை வைத்துத் தொடங்க வேண்டாம்.