தனித் தொகுதி எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது?

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் செறிந்து வாழும் தெருக்கள் உண்டு. எனினும் அப்பகுதி தனித் தொகுதியில் அமையவில்லை. காரணம் யாது? கணக்கில் கொள்ளப்படுவது தெருவன்று, தொகுதி முழுமையுமே.

2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கர்நாடக மக்களுள் இவ்வகுப்பினர் சுமார் 16.2 விழுக்காடு. ஆகவே, 2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி வரையறையில், 224 சட்டமன்ற இடங்களுள் 36 இவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. இவ்விடங்கள் மாநிலத்தின் பல பகுதிகளிலும் பரவியிருத்தல் வேண்டும் என்பது சட்டம். எனவே முதலில் அவை மாவட்டங்களுக்குப் பங்கிடப்பட்டன. பின்னர் மாவட்டந்தோறும் இவ்வகுப்பினரின் விகிதம் மிகுந்த தொகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பெங்களூர் நகர மாவட்டத்தில் ஆனேக்கல், மகாதேவபுரம், சி.வி.ராமன் நகர், புலிகேசிநகர் ஆகிய நான்கும் இவ்வாறே தனித் தொகுதிகளாயின.

செறிந்த குடியிருப்பு ஒன்றை எல்லைக்கோடு இரண்டாகப் பிரிக்குமாயின், இரு தொகுதிகளிலும் அதன் பங்கு சிறுத்துவிடும். ஆகவே, வரைவுத் திட்டம் வெளியிடப்பட்டு ஆட்சேபங்கள் கோரப்படும்போது, முதலில் ஆராய வேண்டியது எல்லைக்கோட்டையே.